சிறப்பிடம் பெற்ற மாணவரை வாழ்த்தும் படக்குறிப்புக்கு வரையறையும் பெற்றோர் ஒப்புதலும் கோரும் மனு

அனுப்புநர்: மாவட்டப் பெற்றோர் சங்கச் செயற்குழு

பெறுநர்: இயக்குநர், பள்ளிக் கல்வி இயக்ககம், சென்னை; இயக்குநர், தனியார் பள்ளிகள் இயக்ககம், சென்னை

பொருள்: பொதுத்தேர்வு முடிவுகளை ஒட்டிப் பள்ளிகள் வெளியிடும் மாணவர் படங்களும் படக்குறிப்புகளும் – சுற்றறிக்கை கோருதல் – தொடர்பாக.

பத்தாம் வகுப்பு, பிளஸ் 2 தேர்வு முடிவுகள் வெளியான சில மணி நேரத்தில் பள்ளியின் முகநூல் பக்கத்திலும், ஆசிரியர்களின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும், பள்ளி வாசல் பிளக்ஸிலும், மறுநாள் நாளிதழிலும் அதிக மதிப்பெண் பெற்ற மாணவர்களின் படங்கள் வந்துவிடுகின்றன. படத்துக்குக் கீழே உள்ள இரண்டு வரியில் பெயர், பெற்றோர் பெயர், ஊர், பாடவாரி மதிப்பெண், சில வேளை பதிவெண் வரை இடம்பெறுகின்றன. பாராட்டு மாணவருக்கு உரியது. அதை நிறுத்தச் சொல்வது இம்மனுவின் நோக்கமன்று. எந்த விவரத்தை, யாருடைய ஒப்புதலோடு, எத்தனை நாளுக்கு வெளியிடலாம் என்று துறை வரையறுக்க வேண்டும் என்பதே கோரிக்கை.

மாநில அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் முறையைத் தமிழக அரசு 2017 மே மாதத்தில் கைவிட்டது. மாணவர்களிடையே ஆரோக்கியமற்ற போட்டியும் மன அழுத்தமும் கூடாது என்பது அப்போது சொல்லப்பட்ட காரணம். அதே ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, புட்டசாமி வழக்கில், அந்தரங்கத்துக்கான உரிமை அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. அரசு விட்டுவிட்ட தரவரிசை, பள்ளி வாசல்களில் ‘பள்ளி முதலிடம்’, ‘வட்டார முதலிடம்’ என்ற வடிவில் தொடர்கிறது. அடுத்த ஆண்டுச் சேர்க்கையும் இந்த வாரங்களில்தான் நடக்கிறது. ஆகவே வாழ்த்து எங்கே முடிந்து விளம்பரம் எங்கே தொடங்குகிறது என்று பெற்றோரால் பிரித்துப் பார்க்க முடிவதில்லை.

படக்குறிப்பில் உள்ள விவரங்கள் எல்லாம் ஒரே தன்மை உடையவை அல்ல. ஓர் அரசு உதவி பெறும் பள்ளியில் பிளஸ் 2 தேர்வில் 600க்கு 588 பெற்ற மாணவியை எடுத்துக்கொள்ளலாம். இது விளக்கத்துக்காகக் கற்பனையாக அமைத்த எடுத்துக்காட்டு. வழக்கமான படக்குறிப்பு இப்படி அமைகிறது: மாணவியின் பெயர், தந்தை பெயர், தெருவும் ஊரும், மொத்தம் 588, ஆறு பாடங்களின் மதிப்பெண், ‘தந்தையை இழந்து விடுதியில் தங்கிப் படித்துச் சாதித்தவர்’ என்ற ஒரு வரி, பக்கத்தில் முடிவுப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்.

இதில் உடனடித் தீங்கு செய்யக்கூடியது ஸ்கிரீன்ஷாட். தேர்வுத் துறையின் இணையதளத்தில் முடிவைப் பார்க்கப் பதிவெண்ணும் பிறந்த தேதியும் போதும். பதிவெண் படத்தில் தெரிந்து, பிறந்த தேதி பிறந்தநாள் வாழ்த்து ஒன்றிலிருந்து கிடைத்துவிட்டால், யார் வேண்டுமானாலும் அந்த மாணவியின் முழு விவரத்தையும் திறந்துகொள்ளலாம். மதிப்பெண் பட்டியலையே படமாகப் போட்டால் இரண்டும் சேர்ந்தே வெளியாகிவிடும். தெருப்பெயரும் முகமும் ஒன்றாக வருவது இன்னொரு வகை ஆபத்து. பதினேழு வயதுப் பெண் எங்கே குடியிருக்கிறாள் என்பதை ஊரறியச் சொல்வதற்கு எந்தப் பாராட்டிலும் தேவை இல்லை.

‘சாதித்தவர்’ என்று பெருமையாக எழுதப்படும் குடும்ப வரியில்தான் பள்ளிகள் பெரும்பாலும் தவறுகின்றன. அன்பினால் எழுதப்படுவதால் அதில் தவறு இருப்பதே கண்ணில் படுவதில்லை. தந்தையின் மறைவு, தாயின் கூலி வேலை, நோய், சாதி, உதவித்தொகை ஆகியவை மதிப்பெண்ணின் பகுதி அல்ல. அந்த மாணவி தங்கியிருப்பது சாதாரண விடுதியாக இல்லாமல், குழந்தைகள் நலக் குழு அனுப்பிய இல்லமாக இருந்தால் நிலைமை சட்டப்படியே மாறுகிறது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, அடையாளம் காட்டும் வேறு விவரம் எதையும் ஊடகங்களில் வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டம், 2015-இன் 74ஆம் பிரிவு தடுக்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்ட குழந்தைக்குப் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு இதே வகைக் காப்பைத் தருகிறது. இத்தகைய மாணவர் சிறப்பிடம் பெற்றால் வகுப்பறையில், இல்லத்தில், பரிசளிப்பில் மனமாரப் பாராட்டலாம்; அந்தப் பின்னணியைச் சுட்டும் எந்த வரியும் வெளியே போகக் கூடாது. இல்லப் பொறுப்பாளரின் கையெழுத்து இருந்தால் போதும் என்று தலைமையாசிரியர் எண்ணிவிடாதபடி சுற்றறிக்கையில் இதைத் தனியே சொல்ல வேண்டும்.

ஒப்புதல் பற்றிய சட்டம் இப்போது தெளிவாகவே உள்ளது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 பதினெட்டு வயது நிறையாத அனைவரையும் குழந்தை என்கிறது. அவர்களின் தரவைக் கையாளும் முன் பெற்றோர் அல்லது சட்டப்படியான பாதுகாவலரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைப் பெறச் சொல்கிறது. அந்த ஒப்புதல் நிபந்தனையின்றி, குறிப்பிட்ட நோக்கத்துக்காக, விவரம் அறிந்து தரப்பட்டதாக இருக்க வேண்டும். தருவது எவ்வளவு எளிதோ திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும். இச்சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. ஒப்புதல் தொடர்பான கடமைகள் அதிலிருந்து 18 மாதத்தில் நடைமுறைக்கு வருகின்றன. கல்விச் செயல்பாட்டுக்கும் மாணவர் பாதுகாப்புக்கும் தேவையான கண்காணிப்புக்கு மட்டும் பள்ளிகளுக்கு விதிவிலக்கு உண்டு. பிளக்ஸ் வைப்பதை அந்த விதிவிலக்குக்குள் கொண்டுவர முடியாது.

பள்ளிகள் பொதுவாகக் காட்டுவது சேர்க்கை விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் உள்ள ‘பள்ளி நிகழ்வுகளில் படம் வெளியிடச் சம்மதம்’ என்ற வரியை. ஆறாம் வகுப்பில் போட்ட கையெழுத்து, ஏறத்தாழ ஏழு ஆண்டு கழித்து வரும் பிளஸ் 2 மதிப்பெண்ணுக்குச் சம்மதமாகாது. எண் தெரியாதபோது அதை வெளியிடலாமா என்று யாரும் முடிவு செய்ய முடியாது. பயிற்சி மையங்களின் விளம்பரங்கள் பற்றி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல், வெற்றி பெற்றவரின் பெயரையும் படத்தையும் பயன்படுத்த எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும் என்கிறது. அதையும் வெற்றிக்குப் பின்னரே பெற வேண்டும் என்கிறது. கட்டணம் வாங்கும் பயிற்சி மையத்துக்கு உள்ள இந்தக் கட்டுப்பாடு பள்ளிக்கு இல்லாமல் இருப்பது பொருத்தமன்று.

ஆகவே ஒப்புதல் இரண்டு கட்டமாக அமைய வேண்டும் என்று சங்கம் கோருகிறது. செய்முறைத் தேர்வு நடக்கும் பிப்ரவரியில் ஒரு பக்கத் தமிழ்ப் படிவம் பெற்றோருக்குச் சேர வேண்டும். பெயர், படம், மொத்த மதிப்பெண், பாட மதிப்பெண் ஆகிய நான்குக்கும் தனித்தனியே ஆம், இல்லை என்று குறிக்க இடம் வேண்டும். அறிவிப்புப் பலகை, பள்ளியின் இணையப் பக்கம், நாளிதழ், பிளக்ஸ் ஆகியவற்றுக்கும் அப்படியே. எதையும் குறிக்காமல் திரும்பி வந்த படிவத்துக்கு இல்லை என்றே பொருள் கொள்ள வேண்டும். முடிவு வந்த பிறகு வகுப்பாசிரியர் மதிப்பெண்ணையும் எழுதி முடித்த படக்குறிப்பையும் பெற்றோருக்கு அனுப்பி, எழுத்தில் உறுதி பெற்ற பின்னரே வெளியிட வேண்டும். இதனால் ஒரு நாள் தாமதமாகும். அந்தத் தாமதத்தால் யாருக்கும் இழப்பில்லை.

மாணவரின் விருப்பத்தைக் கேட்காமல் பெற்றோரின் கையெழுத்தை மட்டும் வாங்குவதும் போதாது. பெற்றோர் சரி சொல்லி மாணவர் மறுத்தால் வெளியிடக் கூடாது. தாயும் தந்தையும் பிரிந்து வாழ்ந்து, ஒருவர் மறுத்தாலும் அப்படியே. பதினெட்டு நிறைந்துவிட்ட பிளஸ் 2 மாணவரிடம் அவருடைய ஒப்புதலையே பெற வேண்டும். மறுத்தவரைப் பரிசளிப்பிலிருந்து விலக்குவதும், ஏன் மறுத்தார் என்று விசாரிப்பதும் தடுக்கப்பட வேண்டும். படம் வேண்டுமென்றால் அதற்கென்று எடுக்க வேண்டும். சேர்க்கைக்கும் ஹால் டிக்கெட்டுக்கும் கொடுத்த படத்தை எடுத்து ஒட்டக் கூடாது.

ஒருவர் மறுக்கும்போது மற்றவர்களின் படக்குறிப்பை எப்படி எழுதுவது என்பதில் சிறு நுணுக்கம் உண்டு. ‘முதலிடம் 588, மூன்றாமிடம் 580’ என்று எழுதினால் விடுபட்ட இரண்டாமவர் யார் என்று வகுப்பே கண்டுகொள்ளும். மதிப்பெண்ணும் ஏறத்தாழத் தெரிந்துவிடும். ஆகவே இட எண்களை விட்டு, ஒப்புதல் தந்தவர்களின் பெயர்களை அகர வரிசையில் தருவதே சரி. ‘இடமிருந்து வலம்’ என்று பெயர் வரும் குழுப்படத்தில் ஒரு முகத்தை மட்டும் மறைப்பதும் அவரைச் சுட்டிக்காட்டுவதுதான். ஒப்புதல் தந்தவர்களை மட்டும் நிறுத்தி வேறு படம் எடுக்க வேண்டும். ஒரு பிரிவில் மூன்று, நான்கு பேரே படித்தால் பெயரில்லாத மதிப்பெண்கூட ஆளைக் காட்டிக்கொடுக்கும். வகுப்பு முழுவதன் மதிப்பெண் பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போட்டு, முதல் சில பெயர்களை மட்டும் வண்ணமிட்டுக் காட்டும் வழக்கம் அடியோடு நிற்க வேண்டும். வாழ்த்தப்படுபவர் சிலர், தேர்ச்சி பெறாத பிள்ளையின் எண்ணும் அதே தாளில் ஊர் சுற்றுகிறது.

மேலே கண்ட மாணவி பெயருக்கும் மொத்த மதிப்பெண்ணுக்கும் ஆம் என்றும், படத்துக்கு இல்லை என்றும் குறித்திருந்தால் படக்குறிப்பு இப்படி முடியும்: ‘பிளஸ் 2 பொதுத்தேர்வில் 600க்கு 588 மதிப்பெண் பெற்ற மாணவி (பெயர்) அவர்களுக்குப் பள்ளியின் வாழ்த்துகள்.’ அதற்கு மேல் பள்ளிக் கட்டடத்தின் படம் இருக்கலாம். பெயருக்கும் ஒப்புதல் இல்லையென்றால், தேர்வு எழுதியோர் எண்ணிக்கையையும் தேர்ச்சி பெற்றோர் எண்ணிக்கையையும் சொல்லி வகுப்பு முழுவதையும் வாழ்த்தலாம்.

வெளியிட்ட பின் ஒப்புதலைத் திரும்பப் பெறும் பெற்றோரின் கோரிக்கையைப் பள்ளி 24 மணி நேரத்தில் நிறைவேற்றித் தன் பக்கத்திலிருந்தும், தான் நடத்தும் குழுக்களிலிருந்தும் பதிவை நீக்க வேண்டும். பிளக்ஸை மூன்று நாளில் இறக்க வேண்டும். அச்சான நாளிதழையும் பிறர் பகிர்ந்த பிரதிகளையும் மீட்க முடியாது. இந்த உண்மையைப் பிப்ரவரிப் படிவத்திலேயே பெரிய எழுத்தில் சொல்லிவிட வேண்டும். யாரும் கேட்காவிட்டாலும் இணையப் பதிவுகளும் பிளக்ஸும் ஜூன் 30க்குள் அகற்றப்பட வேண்டும்.

இவற்றை அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி, தனியார் பள்ளி ஆகிய மூன்றுக்கும் பொருந்தும் ஒரே சுற்றறிக்கையாக வரும் செய்முறைத் தேர்வுக்கு முன் வெளியிடவும், படிவத்தின் மாதிரியை அதனுடன் இணைக்கவும், மீறல் பற்றிய புகார்களைப் பெற ஒவ்வொரு முதன்மைக் கல்வி அலுவலகத்திலும் ஓர் அலுவலரை நியமிக்கவும் சங்கம் கேட்டுக்கொள்கிறது.