ஈனும் முன் கால்சியம் டானிக்: பால் காய்ச்சலைத் தடுக்குமா?

சினை மாட்டுக்குக் கடைசி மாதம் முழுக்கக் கால்சியம் டானிக் ஊற்றினால் பால் காய்ச்சல் வராது என்பது கறவை மாடு வளர்ப்போரிடம் ஊறிப்போன நம்பிக்கை. அதற்குச் சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

'உடம்பில் கால்சியம் இல்லாததால்தான் மாடு விழுகிறது' என்பது முதல் வாதம். மாட்டின் எலும்பில் கிலோக்கணக்கில் கால்சியம் இருக்கிறது. குறைவது ரத்தத்தில்தான். நான்காம் ஈற்று ஜெர்சி கலப்பினப் பசு ஒன்று முதல் நாள் 10 லிட்டர் சீம்பால் தருவதாகக் கொள்வோம். அதிலேயே 20 கிராமுக்கு மேல் கால்சியம் போய்விடும். ரத்தத்தில் ஓடுவதோ ஏறக்குறைய 3 கிராம்தான். எலும்பும் குடலும் உடனுக்குடன் ஈடுகட்டாவிட்டால் காது சில்லிட்டு, மூக்கு உலர்ந்து, கழுத்தை விலாப்பக்கம் மடித்துப் படுத்துவிடும். பெயர்தான் காய்ச்சல், உடம்பு சுடாது.

'முன்கூட்டிக் கொடுத்தால் சேமிப்பாக இருக்குமே' என்பது அடுத்தது. கால்சியத்தை எலும்பிலிருந்து எடுக்கவும் குடலில் உறிஞ்சவும் தூண்டுவது பாராதைராய்டு ஹார்மோன். தீவனத்திலேயே தாராளமாகக் கிடைத்தால் இந்த ஏற்பாடு வேலையின்றி மந்தமாகிவிடும். ஈன்றதும் திடீரென முடுக்கினால் முழுவேகம் பிடிக்க ஓரிரு நாளாகும். மாடு விழுவதும் பெரும்பாலும் அந்த நாட்களில்தான். சாணமும் மூத்திரமும் பாயும் நிலத்துப் பசும்புல்லில் பொட்டாசியம் மிகுந்திருக்கும்; அது ரத்தத்தைக் காரத்தன்மைக்குத் தள்ளி, அந்த ஹார்மோனின் பேச்சை எலும்பு கேட்காதபடி செய்துவிடும். மக்னீசியம் குறைந்தாலும் இதே கதிதான்.

'நாங்கள் கொடுத்தோம், வரவில்லையே' என்பார்கள். முதல் ஈற்றுக் கிடேரிக்கு டானிக் கொடுக்காவிட்டாலும் இந்த நோய் வருவது அரிது. மூன்றாம் ஈற்றிலிருந்துதான் ஆபத்து கூடுகிறது.

அப்படியானால் என்ன செய்வது? ஈனுவதற்கு மூன்று வாரம் முன்பே டானிக்கை நிறுத்துங்கள். குதிரைமசால், வேலிமசால் போன்ற கால்சியம் மிகுந்த தீவனத்தையும், சாணிநீர் பாய்ச்சிய புல்லையும் குறையுங்கள். மக்னீசியம் போதிய அளவு கிடைக்கட்டும். பெரிய பண்ணைகள் மருத்துவர் மேற்பார்வையில் எதிர்மின் அயனி உப்புகளைத் தீவனத்தில் சேர்க்கின்றன. அவை வேலை செய்கின்றனவா என்பதை மூத்திரமே சொல்லும்: சாதாரணமாக 8-ஐ ஒட்டியிருக்கும் பி.எச். 6 முதல் 7-க்குள் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் உப்பு போதவில்லை, 5.5-க்கும் கீழே போனால் அளவு மிஞ்சிவிட்டது. உப்பின் கசப்பால் மாடு தீவனத்தைக் குறைக்கிறதா என்றும் கவனிக்க வேண்டும்.

கால்சியம் கொடுக்க ஏற்ற வேளை, ஈன்ற உடனேயும் சுமார் 12 மணி நேரம் கழித்தும். அதுவும் நின்றுகொண்டு நன்றாக விழுங்கும் மாட்டுக்கு மட்டுமே. படுத்துவிட்ட மாட்டுக்கு வாயில் ஊற்றினால் மருந்து நுரையீரலுக்குள் போகக்கூடும். அதற்கு ரத்தக்குழாய் வழியாக, மெதுவாக, இதயத் துடிப்பைப் பார்த்துக்கொண்டே மருத்துவர்தான் கால்சியம் ஏற்ற வேண்டும். வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடக்கூடும்.