ஏற்றத்துக்குத் தனிக் கணக்கு

மலைநடைக்குக் கிளம்புகிறவர்கள் தூரத்தை மட்டும் அளந்து நேரம் சொல்வது ஆபத்தான பழக்கம். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892லேயே இதற்கு எளிய விதி தந்துவிட்டார்: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், ஏறுகிற ஒவ்வொரு 2,000 அடிக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். நம் அளவில், ஏறத்தாழ 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. அந்த ஆண்டு அவர் பென் மோர் உட்பட மூன்று சிகரங்களை ஒரே நாளில் ஏறினார். தூரம் 10 மைல், ஏற்றம் 6,300 அடி. விதிப்படி தூரத்துக்கு 3 மணி 20 நிமிடம், ஏற்றத்துக்கு 3 மணி 9 நிமிடம். அவர் நடந்து முடித்ததும் ஆறரை மணி நேரத்தில்தான். கவனியுங்கள், பென் மோர் 4,000 அடிகூட இல்லை. ஒரு சிகரத்திலிருந்து இறங்கி அடுத்ததற்கு மறுபடி ஏறியதெல்லாம் சேர்ந்துதான் 6,300 ஆயிற்று. உச்சியின் உயரத்திலிருந்து அடிவாரத்தின் உயரத்தைக் கழித்து அதையே ஏற்றம் என்று கொள்கிறவர்கள் சறுக்குவது இங்கேதான். பாதையிலுள்ள ஒவ்வொரு ஏற்றத்தையும் கூட்ட வேண்டும். இந்த விதி நல்ல உடல்திறன் உள்ளவருக்கும் சாதாரணப் பாதைக்குமானது. செங்குத்தான இறக்கமும் நம்மைத் தாமதிக்க வைக்கும், அதை இது கணக்கில் எடுப்பதில்லை. ஆகவே முதல் ஏற்றத்திலேயே கடிகாரத்தைப் பாருங்கள். 60 நிமிடம் என்று கணித்தது 80 ஆனால், மீதி 4 மணி நேரத்தை 5 மணி 20 நிமிடமாகத் திருத்திக்கொள்ளுங்கள். அதற்குள் இருட்டிவிடும் என்றால் அங்கேயே திரும்பிவிடுவதுதான் சரி.