சோற்றை நிறுத்திக் குரக்கனுக்கு மாறினால்

சீனி வருத்தக்காரர்கள் கிளினிக் கொப்பியோடு வரிசையில் நிற்கும் இடங்களில் ஒரு கேள்வி அடிக்கடி காதில் விழுகிறது. "ராவைக்குச் சோத்த நிப்பாட்டிட்டுக் குரக்கன் சாப்பிட்டா சீனி இறங்குமாக்கா?" பக்கத்தில் இருப்பவர் இறங்கும் என்பார். எலும்புக்கு நல்லது, இரத்தம் ஊறும், உடம்பு மெலியும் என்றும் சேர்த்துச் சொல்வார். இவற்றில் எது உண்மை, எது பாதி உண்மை, எது நடக்கவே நடக்காது என்பதைப் பிரித்துப் பார்க்க ஒரே ஒரு இராச்சாப்பாட்டை எடுத்துக்கொண்டால் போதும்.

குரக்கன் மாத்தளைக்குப் புதிதல்ல. உக்குவளை, இறத்தோட்டைப் பக்கத்து மழைமலைகளில் இருப்பவர்களுக்கு அது கடைச் சாமானாகத் தெரியலாம். மாவட்டத்தின் வடக்கிலும் கிழக்கிலும் தம்புள்ளை, கலேவெல, லக்கல, வில்கமுவ என்று விரியும் வறண்ட நிலத்துக்கு அது சொந்தப் பயிர். பெரும்போக மழையை நம்பிச் சேனையில் விதைத்து, கதிர் கதிராகக் கையால் கொய்து எடுப்பார்கள். கண்டி இராச்சியத்தில் ஏறக்குறைய இருபது வருடம் சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ் 1681 இல் வெளியிட்ட நூலில், நெல்லுக்கு அடுத்தபடியாக இங்குள்ளவர்கள் உண்ட தானியங்களில் குரக்கனைக் குறிப்பிடுகிறார். நெல் போதாத மாதங்களைத் தாண்ட வைத்த உணவு அது. இன்று நெல் வாங்கக்கூடிய வீடுகள் அதை மருந்தாகத் தேடுகின்றன.

இனி அந்த இராச்சாப்பாடு. நன்றாகத் தீட்டிய வெள்ளைப் பச்சையரிசியில் 100 கிராம் எடுத்துச் சமைத்தால் ஒருவருக்குத் தாராளமான சோறு. அதற்குப் பதில் 100 கிராம் குரக்கன் மாவில் ரொட்டி. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017 இல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணையின்படி இரண்டையும் வைத்துப் பார்ப்போம். மிகப் பெரிய வித்தியாசம் கல்சியத்தில். அரிசியில் 7 மில்லிகிராம் அளவுக்கு இருப்பது குரக்கனில் 364. வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவையானதில் மூன்றிலொரு பங்கு அது. நார்ச்சத்து 3 கிராமிலிருந்து 11 கிராமாகிறது. இரும்பு 0.65 மில்லிகிராமிலிருந்து 4.6 ஆகிறது.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் தானியத்தின் உடலமைப்பு. நெல்லின் தவிட்டை ஆலை உரித்துவிடும், அதோடு இரும்பும் நாரும் தயமினும் போய்விடும். குரக்கன் கடுகளவு சின்னது. அதன் விதைத்தோல் உள்ளிருக்கும் மாப்பொருளோடு ஒட்டியே கிடப்பதால் உரித்தெடுப்பது கஷ்டம், முழுசாகவே அரைக்கவேண்டி வருகிறது. சாமை, தினை, வரகு வேறு சாதி. அவற்றுக்கு உமி உண்டு. உமி நீக்கும் இயந்திரத்தில் இன்னும் கொஞ்சம் ஓடவிட்டால் தவிடும் போய், வெள்ளையரிசிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். பைக்கற்றில் பளபளவென்று வெளுத்த சாமையைக் கண்டால் அதுதான் நடந்திருக்கிறது. தீட்டாத சாமை மங்கலாக, தூசு படிந்தாற்போல இருக்கும். கல்சியத்துக்காகச் சிறுதானியம் தேடுகிறவர் சாமை வாங்கிப் பயனில்லை, அதில் 16 மில்லிகிராம்தான் இருக்கிறது. சிறுதானியங்களுக்கென்று பொதுவாகச் சொல்லப்படும் கல்சியப் புகழ் குரக்கன் ஒன்றுக்கே உரியது.

அட்டவணையில் இருப்பதெல்லாம் இரத்தத்தில் சேர்வதில்லை என்பதைத்தான் கடைக்காரரும் விளம்பரமும் சொல்வதில்லை. குரக்கனின் அதே தோலில் பைற்றேற்று, தனின், ஒக்சலேற்று என்ற பொருட்களும் உண்டு. அவை இரும்பையும் கல்சியத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும். தானிய இரும்பில் உடல் எடுத்துக்கொள்வது எப்போதுமே சிறு பங்கு, குரக்கனில் அது இன்னும் சிறுக்கிறது. மண் களத்தில் அடித்த குரக்கனில் ஒட்டிவரும் மண்ணின் இரும்பும் ஆய்வுக்கூடக் கணக்கில் ஏறிவிடுவதுண்டு. அந்த இரும்பால் உடம்புக்கு அதிகம் பயன் கிடைக்காது. ஆகவே இரத்தச்சோகைக்கு மாத்திரை எழுதிக்கொடுக்கப்பட்ட கர்ப்பிணி, "குரக்கன் குடிக்கிறேன்தானே" என்று மாத்திரையை நிறுத்தக்கூடாது. மாத்திரையைக் குரக்கன் கஞ்சியோடு விழுங்கவும் கூடாது, கஞ்சி அந்த இரும்பையும் கட்டிவிடும்.

தோட்டப் பகுதிகளில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ரொட்டியைத் தின்றுகொண்டே பிளேன்டீ குடிப்பது நம் வழக்கம். தேயிலைச் சாயத்தின் தனின் அந்த வேளையில் கிடைக்கக்கூடிய இரும்பில் பாதிக்கு மேல் தடுத்துவிடும். தேநீரை ஒரு மணித்தியாலம் தள்ளி வைத்து, ரொட்டியோடு தேசிக்காய் பிழிந்த வல்லாரைச் சம்பலை வைத்தால் கதை மாறும், தேசிப்புளியின் விற்றமின் சி இரும்பை உள்ளே கொண்டுபோக உதவும். மா அரைக்குமுன் செய்யக்கூடியதும் உண்டு. குரக்கனைக் கழுவி ஓர் இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி முளை எட்டிப்பார்த்ததும் காயவைத்து வறுத்து அரைத்தால் பைற்றேற்றும் தனினும் கணிசமாகக் குறையும். குழந்தைக்குக் கஞ்சி வைக்க இந்த மா மிக நல்லது. முளைக்கும்போது மாப்பொருள் கொஞ்சம் உடைவதால் கஞ்சி இறுகாமல் இளகியே இருக்கும், சின்ன வயிற்றுக்குள் கூடுதல் மா போகும். ஆனால் உடைந்த மாப்பொருள் வேகமாகச் சீனியாகும் என்பதால், அதே மா சீனி வருத்தக்காரருக்கு அவ்வளவு பொருந்தாது.

புரதத்தில் ஏமாற்றம் இருக்கிறது. அரிசியில் 8 கிராம், குரக்கனில் 7. கூடவில்லை, கொஞ்சம் குறைகிறது. என்னை அதிகம் கவலைப்படுத்துவது இந்த ஒரு கிராம் அல்ல, அதோடு சேர்ந்து காணாமல் போகும் கறிகள். சோறு என்றால் பருப்பு, கீரை, ஒரு துண்டு மீன் அல்லது கருவாடு என்று வீட்டில் அடுப்பு வேலை செய்யும். ரொட்டி என்றதும் கட்டச்சம்பலோடு முடிந்துவிடுகிறது. இரண்டு தானியங்களிலும் குறைவாக இருக்கும் லைசீன் என்ற அமினோ அமிலத்தைப் பருப்பும் மீனும்தான் நிரப்புகின்றன. அவை போனால் அந்த இராச்சாப்பாடு முன்பிருந்ததைவிட மோசமாகிறது. குரக்கனுக்கு மாறுகிற வீட்டில் பருப்புச் சட்டி அடுப்பை விட்டு இறங்கக்கூடாது.

மெலிவதும் அப்படித்தான். 100 கிராம் அரிசியில் 356 கலோரி, குரக்கனில் 320. அந்த 36 கலோரி இலாபம் ரொட்டிக்குத் தேங்காய்ப்பூ போடும்போதே போய்விடும். 50 கிராம் தேங்காய்ப்பூவில் 175 கலோரிக்குக் குறையாது. நார் அதிகம் என்பதால் வயிறு சீக்கிரம் நிறைந்து, மூன்றாவது ரொட்டியை ஒருவர் வேண்டாமென்றால் எடை குறையலாம். குரக்கன் என்பதற்காக மட்டும் குறையாது.

சீனிக்கு வருவோம். சர்வதேசப் பயிர் ஆய்வு நிறுவனமான இக்ரிசாற்றின் தலைமையில் 2021 இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில் சிறுதானிய உணவுகளின் சராசரி கிளைசீமிக் சுட்டெண் 53 அளவில், தீட்டிய அரிசியினுடையது 72 அளவில் வந்தது. ஆகவே சோற்றை நிறுத்தினால் சீனி ஏறும் வேகம் குறையும் என்ற நம்பிக்கைக்கு அடிப்படை உண்டு. ஆனால் சராசரிக்குள் மறைந்து கிடப்பது அரைக்கும் முறை. ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெவ்வேறு விதமாக அரைத்த குரக்கன் மாவில் உணவு செய்து சோதித்து, 2013 இல் இலங்கை மருத்துவ சஞ்சிகையில் எழுதினார்கள். கல்லில் அரைத்த பரும்படியான மாவின் ரொட்டிக்கு, ஆலையின் நைசான மாவின் ரொட்டியைவிட இரத்தச் சீனி குறைவாகவே ஏறியது. காரணம் எளிது. துகள் பெரிதென்றால் செரிமான நொதி உள்ளே நுழைய நேரமெடுக்கும். பவுடர்போல அரைத்து, நீர்விட்டு நன்றாகக் கொதிக்கவைத்த கஞ்சியில் அந்தத் தடை எதுவும் மிஞ்சுவதில்லை. சீனி வருத்தக்காரர் காலையில் மடமடவென்று குடிக்கும் குரக்கன் கஞ்சி, அவர் பயந்து ஒதுக்கிய சோற்றைப் போலவே சீனியை ஏற்றக்கூடும். திரிகை இருக்கிற வீடு திரிகையில் அரைக்கட்டும். மில்லில் கொடுப்பவர்கள் பரும்படியாக அரைக்கச் சொல்லலாம். கடை மாவாக இருந்தால் பைக்கற்றின் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். கோதுமை மா கலந்த ரொட்டியும் குரக்கன் நிறத்திலேயே இருக்கும்.

இதுவரை ஒப்பிட்டது தீட்டிய வெள்ளையரிசியோடு. தவிடு போகாத சிவப்பரிசிச் சோறு உண்கிற வீட்டில் நாரிலும் இரும்பிலும் கிடைக்கும் இலாபம் சுருங்கிவிடும், கல்சியம்தான் பெரிதாக மிஞ்சும்.

வீட்டில் குளுக்கோமீற்றர் இருந்தால் பிறர் சொல்லை நம்பவேண்டியதில்லை. ஓரிரவு 100 கிராம் அரிசியின் சோறு, மற்றோர் இரவு 100 கிராம் மாவின் ரொட்டி. இரண்டு நாளும் அதே பருப்பு, அதே கீரை, அதே மருந்து, அதே நேரம். சாப்பிடுவதற்கு முன்னும் சாப்பிடத் தொடங்கி இரண்டு மணித்தியாலத்திலும் அளந்தால் எவ்வளவு ஏறியது என்பது தெரியும். ஒரு தடவையை வைத்து முடிவெடுக்காமல், சில தடவை மாறி மாறிப் பார்க்க வேண்டும். இன்சுலினோ கிளிபென்கிளமைட்டோ எடுப்பவர்கள் மாறுவதற்கு முன்பே வைத்தியரிடம் சொல்வது அவசியம். மாப்பொருள் குறைந்து மருந்து அப்படியே இருந்தால் நடுச்சாமத்தில் சீனி அளவுக்கு மீறி இறங்கி வியர்த்து நடுங்கும்.

வில்கமுவப் பக்கத்து வாசகர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. காரணம் சரியாகக் கண்டறியப்படாத சிறுநீரக நோய் பல குடும்பங்களை வதைக்கும் பிரதேசம் அது. 100 கிராம் வெள்ளையரிசியில் 108 மில்லிகிராமாக இருக்கும் பொட்டாசியம் குரக்கனில் 443. பொசுபரசும் இருமடங்கு. சிறுநீரகம் பழுதானவரின் உடலால் இவற்றை வெளியேற்ற முடியாது, பொட்டாசியம் கூடினால் இதயத் துடிப்பே தடுமாறும். நோய் முற்றிப் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவருக்குச் சத்துக் குறைந்த அந்த வெள்ளைச் சோறே பாதுகாப்பானது. அவருக்குத் தட்டில் குரக்கன் வைக்குமுன் கடைசி இரத்தப் பரிசோதனைத் தாளை வைத்தியரிடம் காட்டி, எவ்வளவு, வாரத்தில் எத்தனை தடவை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.