சூத்திரம் சொல்வதில் பாதி போதும்



ஈரோட்டு வாசகர் ஒருவர் தன் டிரேடிங் நோட்டை அப்படியே ஜெராக்ஸ் எடுத்து அனுப்பியிருந்தார். வாங்கிய விலை, விற்ற விலை, ஸ்டாப் லாஸ், புரோக்கரேஜும் வரிகளும் போக மிஞ்சியது என்று 50 ஸ்விங் டிரேடுகளை வரிசையாக எழுதி வைத்திருக்கிறார். அவற்றில் 30 லாபம், 20 நஷ்டம். லாபத்தின் சராசரியும் நஷ்டத்தின் சராசரியும் ஏறக்குறைய ஒன்றுதான். முதலீடு 5 லட்சம் ரூபாய். கூடவே ஒரு கேள்வி: "கெல்லி சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால் 20 சதவீதம் வருகிறது சார். ஆனால் அனுபவசாலிகள் யாரைக் கேட்டாலும் அதில் பாதி போடு, கால்வாசி போடு என்கிறார்கள். சூத்திரம் சரியென்றால் ஏன் முழுசாகப் போடக்கூடாது?"

இவ்வளவு ஒழுங்காக நோட்டு எழுதுகிறவருக்கு ஒரு வரியில் பதில் சொல்லி அனுப்ப மனம் வரவில்லை. இதே கேள்வி உங்களில் பலருக்கும் இருக்கும் என்பதால் இந்த இதழின் என் பக்கத்தை அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்த ஜான் கெல்லி 1956-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். இரைச்சல் கலந்த தந்திக் கம்பி வழியே குதிரைப் பந்தயத் தகவல் முன்கூட்டியே கிடைக்கும் ஒருவர், அதை முழுக்க நம்பவும் முடியாத நிலையில், கையிலிருப்பதில் எவ்வளவு கட்டினால் பணம் நீண்டகாலத்தில் மிக வேகமாக வளரும் என்பதுதான் அதில் அவர் எடுத்துக்கொண்ட கணக்கு. விடை மிகச் சுருக்கமானது:

f = p − q/b

p என்பது ஜெயிக்கும் வாய்ப்பு, q தோற்கும் வாய்ப்பு. தோற்றால் ஒரு ரூபாய் போகும் இடத்தில் ஜெயித்தால் எத்தனை ரூபாய் வருகிறது என்பது b. நம் வாசகருக்கு 0.60 − 0.40/1, அதாவது 0.20. அவர் போட்ட கணக்கில் தப்பே இல்லை. விடை பூஜ்யமோ அதற்குக் கீழோ வந்தால் அந்த டிரேடைத் தொடவே கூடாது என்பதும் இதே சூத்திரத்தின் தீர்ப்புதான். எஃப் அண்ட் ஓவில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் நஷ்டப்பட்டதாக செபி கணக்கெடுத்துச் சொன்னதே, அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குச் சூத்திரம் சொல்லியிருக்கக்கூடிய அளவு பூஜ்யம்.

அந்த 20 சதவீதத்தில் என்ன விசேஷம் என்று பார்ப்போம். வாய்ப்பு உண்மையிலேயே 60 சதவீதம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து டிரேடில் ஆறு லாபம், நான்கு நஷ்டம். எந்த வரிசையில் வந்தாலும் முடிவு ஒன்றுதான். ஒவ்வொரு முறையும் கையிலிருப்பதில் 20 சதவீதத்தைப் பணயம் வைத்தால் 1,00,000 ரூபாய் 1,22,306 ரூபாயாகும். பாதியை, அதாவது 10 சதவீதத்தை மட்டும் வைத்தால் 1,16,232. தைரியமாக இரண்டு மடங்கு, 40 சதவீதம் வைத்தால்? 97,583. பத்தில் ஆறு ஜெயித்தும் கைப்பணம் குறைந்துவிட்டது.

இந்த மூன்று எண்களையும் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். உச்சி 20 சதவீதத்தில் இருக்கிறது. அதிலிருந்து பாதியாகக் குறைத்தால் இழப்பது வளர்ச்சியில் ஏறக்குறைய கால்வாசி. இரட்டிப்பாக்கினால் வளர்ச்சி மொத்தமும் போய்விடுகிறது. குறைவாகப் போடுவதற்கான தண்டனை லேசானது, கூடுதலாகப் போடுவதற்கான தண்டனை கடுமையானது. பாதிக் கெல்லி என்ற பழக்கம் முழுக்க இந்த ஏற்றத்தாழ்வின் மேல்தான் நிற்கிறது.

வாய்ப்பு எவ்வளவு என்று தெரிந்தவர்களே இதில் சறுக்குகிறார்கள். விக்டர் ஹகானியும் ரிச்சர்ட் டூவியும் 2016-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். நிதித்துறை படிக்கும் மாணவர்களும் அந்தத் துறையில் வேலைக்குச் சேர்ந்த இளைஞர்களுமாக 61 பேர். ஆளுக்கு 25 டாலர், அரை மணி நேரம், கணினியில் சுண்டும் ஒரு நாணயம். 60 சதவீதம் தலை விழும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். அப்படியும் 28 சதவீதம் பேர் கைப்பணம் முழுவதையும் தொலைத்தார்கள். 18 பேர் ஏதாவது ஒரு கட்டத்தில் இருந்த எல்லாவற்றையும் ஒரே சுண்டில் வைத்தார்கள். உச்ச வரம்பான 250 டாலரைத் தொட்டவர்கள் 21 சதவீதம்தான். தலையின் மேல் 20 சதவீதம் என்று சலிப்பாகக் கட்டிக்கொண்டே இருந்திருந்தால் அநேகமாக எல்லோருமே அதைத் தொட்டிருப்பார்கள்.

நம் வாசகருக்கோ அந்த 60-ஐ யாரும் சொல்லித் தரவில்லை. 50 டிரேடிலிருந்து அவராக எடுத்த எண் அது. சிக்கல் அங்கேதான் இருக்கிறது. எந்தத் திறமையும் தேவைப்படாத சாதாரண நாணயத்தை 50 முறை சுண்டினால், அப்படிச் சுண்டுகிற பத்துப் பேரில் ஒருவருக்கு 30 தலையோ அதற்கு மேலோ விழும். உண்மையான வாய்ப்பு 55 சதவீதமே உள்ள டிரேடர்களை எடுத்துக்கொண்டால், நான்கில் ஒருவருக்கு மேல் 50-க்கு 30-ஓ அதற்கு மேலோ காட்டுவார்கள். நோட்டில் ஒரு பொய்யும் இல்லாமலே 60 என்ற எண் பொய்யாக இருக்க முடியும்.

அவருடைய உண்மையான வாய்ப்பு 55 என்றே வைப்போம். மோசமில்லை, சந்தையில் அது நல்ல திறமைதான். அப்போது சரியான அளவு 10 சதவீதம். அவர் 60 என்று நம்பி 20 போட்டால், தெரியாமலே இரண்டு மடங்கு கெல்லியில் நிற்கிறார். இருபது டிரேடில் 11 லாபம், 9 நஷ்டம் வரும்போது 1,00,000 ரூபாய் 99,725 ஆகிறது. திறமை இருந்தும், பதினொன்று ஜெயித்தும் ஒரு வளர்ச்சியும் இல்லை. அதே ஆள் சூத்திரம் சொன்னதில் பாதியை மட்டும் போட்டிருந்தால் 1,10,536. உண்மை 53 சதவீதமாகவே இருந்தாலும்கூட, பாதி போட்டவர் மயிரிழையில் லாபப் பக்கம் நிற்பார். முழுசாகப் போட்டவர் ஒவ்வொரு டிரேடுக்கும் சராசரியாக 0.8 சதவீதம் தேய்ந்துகொண்டிருப்பார். அனுபவசாலிகள் பாதி, கால் என்று சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். சூத்திரத்தின் மேல் அவர்களுக்கு நம்பிக்கை உண்டு. அதற்குள் போடுகிற எண்ணின் மேல்தான் இல்லை.

இரண்டாவது காரணம் மனித மனம். வாய்ப்பைத் துல்லியமாகவே அறிந்த ஒருவர் முழுக் கெல்லி போட்டாலும், தொடங்கிய பணம் என்றாவது ஒருநாள் பாதியாகிவிடும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டில் ஒன்று. பாதிக் கெல்லியில் அது எட்டில் ஒன்றாக இறங்குகிறது. வளர்ச்சியில் கால்வாசியைக் கொடுத்து இதை வாங்குவது நல்ல பேரம். 5 லட்சம் இரண்டரை லட்சமாகிற வாரத்தில் யாரும் சூத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. முறையைக் கைவிடுவார்கள், அல்லது விட்டதைப் பிடிக்க அளவைக் கூட்டுவார்கள். சூதாட்ட மேசையிலும் பிறகு பங்குச் சந்தையிலும் கெல்லியின் கணக்கைச் சொந்தப் பணத்தில் நடத்திக்காட்டிய கணிதப் பேராசிரியர் எட்வர்ட் தார்ப்பே முழு அளவுக்குக் கீழே நிற்பதைத்தான் பரிந்துரைத்தார்.

இனி, அடிக்கடி நடக்கும் ஒரு குழப்பம். சூத்திரம் தரும் சதவீதம் நீங்கள் இழக்கத் தயாராக இருக்கும் பணம். பங்கு வாங்கும் பணம் வேறு. வாசகர் 800 ரூபாய்க்கு ஒரு பங்கை வாங்கி, 760-ல் ஸ்டாப் லாஸ் வைக்கிறார். பங்குக்கு 40 ரூபாய் ரிஸ்க். 5 லட்சத்தில் 20 சதவீதம் 1 லட்சம். 40-ஆல் வகுத்தால் 2,500 பங்குகள், 20 லட்சம் ரூபாய் மதிப்பு. கையிலிருப்பதைப்போல நான்கு மடங்கு. கடன் வாங்கியோ ஃபியூச்சர்ஸிலோதான் அவ்வளவு எடுக்க முடியும். எடுத்தபின் ஒருநாள் காலை கெட்ட செய்தியோடு சந்தை திறந்து அந்தப் பங்கு நேராக 720-ல் தொடங்கினால், 760 என்ற ஸ்டாப் லாஸ் 720-ல்தான் நிறைவேறும். பங்குக்கு 80 ரூபாய் நஷ்டம், மொத்தம் 2 லட்சம், முதலீட்டில் 40 சதவீதம். சூத்திரத்தில் நஷ்டத்துக்கு ஓர் எல்லை உண்டு. சந்தை அந்த எல்லையைத் தாண்டிக் குதிக்கும்.

ஆப்ஷன் வாங்குகிறவர்களுக்குக் கணக்கு இன்னும் நேரடியானது. கட்டிய ப்ரீமியம் முழுவதும் போகலாம் என்பதால் அவர்களுக்கு வாங்கும் பணமும் ரிஸ்க்கும் ஒன்றே.

வாசகருக்கு என் பதில் இதுதான். 50 டிரேடில் கிடைத்த 60 சதவீதத்துக்கு மேலும் கீழும் 7 சதவீதம் தடுமாற்றம் சகஜம். வெற்றி விகிதத்தை p என்றும் டிரேடுகளின் எண்ணிக்கையை n என்றும் வைத்தால், p(1−p)/n என்பதன் வர்க்கமூலம் அது. கீழ்ப்பக்க எண்ணான 53-ஐ எடுத்துச் சூத்திரத்தில் போடுங்கள்: 6 சதவீதம். அதில் பாதி 3 சதவீதம், உங்கள் 5 லட்சத்தில் 15,000 ரூபாய். 40 ரூபாய் ரிஸ்க்குக்கு 375 பங்குகள், 3 லட்சம் ரூபாய் மதிப்பு, கடன் தேவையில்லை. அதே 720 திறப்பு வந்தால் 30,000 போகும். 6 சதவீதம், வலிக்கும், ஆனால் மறுநாளும் உட்காரலாம். ஒரே நேரத்தில் மூன்று வங்கிப் பங்குகளை வைத்திருந்தால், வட்டி விகிதச் செய்தி ஒன்றில் மூன்றும் சேர்ந்தே இறங்கும். அவற்றை ஒரே டிரேடாக எண்ணி, அந்த 15,000-ஐ மூன்றாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் 5,000 ரூபாய் ரிஸ்க்கோடு நிறுத்துங்கள்.

நோட்டை விடாமல் எழுதுங்கள். 200 டிரேடு சேரும்போதும் 60 சதவீதம் நிலைத்திருந்தால் தடுமாற்றம் மூன்றரை சதவீதமாகக் குறைந்திருக்கும். கீழ்ப்பக்க எண் 56.5, சூத்திரம் 13, அதில் பாதி ஆறரை சதவீதம். அளவைக் கூட்டுவதானால் அப்போது, அந்த ஆறரை சதவீதம் வரைக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்