சென்செக்ஸ் சார்ட்டில் 1992 எங்கே போச்சு?

ஓசூர் சிப்காட் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு வாடிக்கையாளருக்கு, சென்செக்ஸின் முழு வரலாற்றையும் சாதாரண லீனியர் சார்ட்டில் காட்டினேன். "என்ன சார், 2000 வரைக்கும் ஒண்ணுமே நடக்கலையே, அப்புறம் ராக்கெட் மாதிரி போகுது. இப்ப இறங்கினா செத்தோம்"னார். தப்பு அவர் மேல இல்ல, நான் காட்டின சார்ட் மேல.

ஹர்ஷத் மேத்தா ஊழல் வெளிவந்த நேரம், 1992 ஏப்ரல் 28 அன்று விழுந்தது 570 புள்ளி. கொரோனாவில், 2020 மார்ச் 23 அன்று 3,935 புள்ளி. லீனியரில் இது ஏழு மடங்கு பெரிசு. அது கண்ணுக்கே தெரியாது. சதவீதத்தில் பாருங்க: 12.77, 13.15. போட்ட பணத்துக்கு ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே அடி.

லாக் ஸ்கேலில் ஒரே சதவீதம் என்றால் ஒரே உயரம். எக்செல்லில் விலை அச்சுக்கு Format Axis போய் Logarithmic scale டிக் பண்ணி, Base-ல் 2 கொடுங்க. "ஒரு கோடு ஏறினா பணம் டபுள்"னு சொன்னா யாருக்கும் புரியும். நாற்பது வருஷத்துக்கு கேண்டில் வேண்டாம், நெருக்கிக்கிட்டு கறுப்புப் பட்டையா நிக்கும். மாதக் கடைசி விலையின் கோடு போதும். ஒருநாள் சரிவு அதில் முழுசா தெரியாது, வாயால சொல்லிடுங்க.

லாக்கிலும் ஒரு வம்பு இருக்கு. 2008 ஜனவரியில் 21,000-ஐத் தொட்ட சென்செக்ஸ் 2009 மார்ச்சில் 8,200-க்குக் கீழே முடிந்தது. அதுவே சின்னப் பள்ளமாத்தான் தெரியும். அதனால பக்கத்திலேயே ரூபாயில் எழுதிடறேன்: 10 லட்சம், 4 லட்சம் ஆச்சு.