அழைப்பிலேயே சட்டமா? ஆமாம், அழைப்பிலேயேதான்!



ஓ.எல். பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிக்கப் பத்து ஆசிரியர்கள் சேர்ந்த புதிய சூம் குழுவுக்கு நான் அனுப்பிய அழைப்பைப் பார்த்து, "டீச்சர், விருந்துக்குக் கூப்பிட்டுட்டு வாசல்ல நிபந்தனையா?" என்று கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்களுக்கே இந்தப் பதிவு.

போன குழுவில் அழைப்பு எப்படி இருந்தது? "இன்ஷா அல்லாஹ் இஷாவுக்குப் பிறகு." அவ்வளவுதான். யாருடைய இஷா? 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட நாங்கள் இன்று தில்லையடியிலும் இருக்கிறோம், யாழ்ப்பாணத்திலும் தோஹாவிலும் லண்டனிலும் இருக்கிறோம். நமக்கு இரவு 8.30 என்றால் தோஹாவில் மாலை 6.00. அங்கே இஷா பாங்கு சொல்லியிருக்காது. லண்டனில் குளிர்காலத்தில் பி.ப. 3.00, கோடையில் 4.00. இலவச சூம் கூட்டமோ 40 நிமிடத்தில் தானாக அறுந்துவிடும். இருபது நிமிடம் பிந்தி, பத்து நிமிடம் ஸலாம் சொல்லி முடித்தால் மிச்சம் பத்து நிமிடம். அதில் என்ன பாடத்திட்டம் பிரிப்பது?

கமரா விஷயத்தில்தான் எனக்கு உண்மையான கோபம். "முகம் காட்டாதவர் மரியாதை தெரியாதவர்" என்கிறார் ஒரு சேர். அவருக்கு வைஃபை இருக்கிறது. குரல் மட்டும் போனால் விநாடிக்கு 60 முதல் 80 கிலோபிட் போதும். படமும் சேர்ந்தால் அதைப்போல பத்து மடங்குக்கு மேல் இழுக்கும். போன் டேட்டாவில் வருகிறவருக்குப் படம் உறைந்து, பிறகு குரல் வெட்டி வெட்டி வரும். ஒற்றை அறை வீட்டில் பின்னால் உம்மா படுத்திருப்பார். யாரோ ஸ்கிரீன்ஷொட் எடுத்து இன்னொரு வட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவார்களோ என்ற பயமும் சகோதரிகளுக்கு உண்டு. கமரா இல்லாவிட்டால் ஆள் இருக்கிறாரா, போனை வைத்துவிட்டு எழும்பிப் போனாரா என்று தெரியாது என்பது நியாயமான கேள்விதான். அதற்குப் பெயர் கூப்பிட்டுக் கேட்கலாமே, வகுப்பில் இடாப்பு மார்க் பண்ணுகிற மாதிரி.

மைக் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வீட்டுக் குக்கர் விசிலில் ஒன்பது பேரின் பேச்சு போனது நினைவிருக்கும். இந்த முறை `Mute participants upon entry` போட்டிருக்கிறேன். வரும்போதே மைக் மூடித்தான் இருக்கும். பேசுமுன் திறந்து, முடிந்ததும் மூடுங்கள்.

நான் அனுப்பியது இதுதான், திரும்பவும் போடுகிறேன்:

"வெள்ளி இரவு, இலங்கை நேரம் 8.30 (தோஹா 6.00). 8.20க்கே அறை திறந்திருக்கும், 8.30க்குப் பேச்சு தொடங்கும். பிந்தினால் ஸலாம் எழுத்தில் போதும். கமரா உங்கள் விருப்பம், காரணம் கேட்கமாட்டோம். பாடம் நடத்திக் காட்டுபவர் மட்டும் முடிந்தால் திறக்கவும். பேசாதபோது மைக் மூடியிருக்கட்டும். யாரும் படம் பிடிக்க வேண்டாம்."

இதில் எது அவமரியாதை? கல்யாணக் கார்ட்டிலும் நிக்காஹ் நேரம் போடத்தானே செய்கிறோம். கூட்டத்துக்குள் வந்த பிறகு பத்துப் பேர் முன்னால் "சேர், மைக்கை மூடுங்க" என்று ஒருவரைச் சொல்ல வைப்பதுதான் அவமரியாதை. அதை முன்கூட்டியே, எல்லோருக்கும் பொதுவாக, எழுத்தில் சொல்லிவிட்டேன். மாற்ற வேண்டியது இருந்தால் வியாழனுக்கு முன் கீழே எழுதுங்கள். இன்பொக்ஸில் வேண்டாம்.