பையனை உட்கார விடுங்கள் சார்!

பள்ளி ஃபுட்பால் டீமுக்குப் பயிற்சி கொடுக்கும் என் பழைய மாணவர்களே, இது உங்களுக்குத்தான். கோபம் வந்தாலும் முழுசாகப் படியுங்கள். நான் பி.டி. வாத்தியார் இல்லை, கணக்கு வாத்தியார். ஆனால் டீமோடு போய் ஸ்டாப்வாட்ச் பிடித்தவன். நான் சொல்லப்போவதும் கணக்குதான்.

பல மைதானங்களில் பார்க்கிறேன். முதலில் பத்து ரவுண்டு. அப்புறம் ஸ்பிரிண்ட். மூச்சு வாங்குவதற்குள் மறுபடி விசில். குனிந்து முழங்காலைப் பிடித்த பையனுக்குச் சோம்பேறிப் பட்டம். இதற்குப் பெயர் ஃபிட்னஸாம்!

முழு வேகத்தில் ஓடத் தசையில் இருக்கும் கையிருப்பு சில நொடிகளில் தீர்ந்துவிடும். அதில் பாதி திரும்பி வரவே ஏறக்குறைய அரை நிமிடம் ஆகும், முழுசாக வர மூன்று நிமிடத்துக்கு மேல். பத்து நொடியில் விசில் ஊதினால் மூன்றாவது ஓட்டத்தில் அவன் வேகமாக ஓடவில்லை, மெதுவாக ஓடத்தான் பழகுகிறான்.

14 வயதுப் பையன் 30 மீட்டரை 5 நொடியில் ஓடுகிறான் என்று வையுங்கள். ஓய்வு 30 நொடி, அதாவது ஒன்றுக்கு ஆறு. இதற்கு விசிலே வேண்டாம். ஏழு பேரை வரிசையில் நிறுத்துங்கள். முன்னவன் கோட்டைத் தொட்டதும் அடுத்தவன் கிளம்பட்டும். ஓடியவன் நடந்தே திரும்பி வரட்டும், அவன் முறை வர அரை நிமிடம் தானாக ஆகிவிடும். ஆறு ஓட்டம், மூன்று நிமிடம் நடை, மறுபடி ஆறு. 5 நொடியில் ஓடியவன் 5.5-ஐத் தாண்டினால் அன்றைக்கு அவனுக்கு ஸ்பிரிண்ட் போதும். அதற்குமேல் விரட்டினால் தொடைத் தசைதான் பிடிக்கும்.

தம் பிடித்து ஆட வேண்டாமா என்பீர்கள். வேண்டும், ஆனால் அதற்குக் கணக்கு வேறு. சின்ன மைதானம், நாலுக்கு நாலு, 4 நிமிடம் விடாமல் ஆட்டம், 3 நிமிடம் நடை. இப்படி நான்கு முறை. இங்கே ஓய்வை நீட்டக் கூடாது, இதயத் துடிப்பு ஒரேயடியாக இறங்கிவிடும். ஆட்டம் முடியும்போது பையனால் இரண்டு மூன்று வார்த்தைதான் பேச முடிய வேண்டும். அடுத்த ஆட்டத்துக்கு முன் ஒரு முழு வாக்கியம் வர வேண்டும். வராவிட்டால் இன்னொரு நிமிடம் கொடுங்கள். வெயில் நாளில் நான்கை மூன்றாகக் குறையுங்கள், தண்ணீரும் கொடுங்கள். இரண்டு பயிற்சியையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள். மேட்சுக்கு முதல் நாள் இரண்டுமே வேண்டாம்.

"மேட்சில் ரெஸ்ட் உண்டா சார்?" என்று ஒருவன் கேட்டான். உண்டப்பா! ஒரே ஒரு விங்கரை ஐந்து நிமிடம் கண்ணெடுக்காமல் பார். முக்கால்வாசி நேரம் நடப்பான், மெல்ல ஓடுவான். நடுவில் சில நொடிதான் பாய்ச்சல். அந்தப் பாய்ச்சலில்தான் கோல் விழுகிறது.

இந்த வாரம் ஒவ்வொரு பையனின் முதல் ஓட்ட நேரத்தையும் ஆறாவது ஓட்ட நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதி எனக்கு அனுப்புங்கள். பத்து நொடி ஓய்வில் ஒரு நாள், முப்பது நொடி ஓய்வில் ஒரு நாள். அதைப் பார்த்துவிட்டு என்னோடு சண்டை போடலாம்.